கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்!

கோவை கணபதியில் மாடுலர் கிச்சன் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வழவழப்பான ஃபைல் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி ஒன்று கொடுத்த ப்ரப்போசல். மொத்தம் 28 பக்கம். அட்டையில் அவருடைய பட்டறையின் லோகோவையே பெரிதாக அச்சடித்திருந்தார்கள். அதில் மனிதர் பாதி விழுந்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மாசம் 90,000 ரூபாய்ங்ணா. மாசத்துக்கு 150 லீட் கேரண்டிங்கறாங்க. கையெழுத்துப் போட்டுடலாமுங்களா?"

நான் எட்டு வருடம் ஏஜென்சி வேலையில் இருந்தவன். இப்படிப்பட்ட ஃபைல்களைப் பார்த்துப் பார்த்துத் தயாரித்தவன். அதனால் முதல் பக்கத்தைத் திறக்காமல் நேராக 28-ஆம் பக்கத்துக்குப் போனேன். "இதைப் படிச்சீங்களா?" என்று கேட்டேன். "அது கண்டிஷனுங்ணா, எல்லாரும் போடறதுதானுங்களே" என்றார்.

பொடி எழுத்தில் நான்கு வரிகள் இருந்தன. ஒப்பந்தக் காலம் 12 மாதம். முடிவதற்கு 60 நாள் முன்பு எழுதிக் கொடுக்காவிட்டால் இன்னொரு 12 மாதத்துக்குத் தானாகவே நீளும். பன்னிரண்டு மாதத்துக்கும் பின்தேதியிட்ட காசோலைகளை முதலிலேயே தர வேண்டும். விளம்பரக் கணக்குகள், வெப்சைட், டிசைன்கள் எல்லாம் ஏஜென்சியின் உடைமை.

வாடகை வீட்டில் கிணறு வெட்டுவது என்று ஊரில் சொல்வார்கள். காலி செய்யும்போது கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு ஏஜென்சியோடு சேரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: நாளைக்குப் பிரிந்தால் என் கையில் என்ன மிஞ்சும்? கட்டணம், கணக்கு, ரிப்போர்ட், ஒப்பந்தக் காலம் என்று எதைப் பேசினாலும் அந்த ஒரு கேள்வியில்தான் வந்து முடியும். அதை வைத்துக்கொண்டு இருவரும் அந்த ஃபைலைப் பின்னாலிருந்து முன்னால் படித்தோம். மறுநாள் ஏஜென்சியிலிருந்து வரவிருந்த இளைஞரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்.

90,000-ல் விளம்பரத்துக்கு எவ்வளவு?

'விளம்பரச் செலவு உட்பட மாதம் ரூ.90,000, ஜி.எஸ்.டி. தனி' என்று ப்ரப்போசலில் இருந்தது. நண்பர் அந்தத் தொகையில் பெரும்பகுதி கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிறது என்றே நினைத்திருந்தார். கேட்டபோதுதான் தெரிந்தது, விளம்பரத்துக்கு 40,000, ஏஜென்சிக்கு 50,000.

இது ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். பத்திரிகை விளம்பர காலத்தில் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்குப் பத்திரிகையே 15% கமிஷன் கொடுத்தது. ஏஜென்சி என்ன சம்பாதிக்கிறது என்பது ஊரறிந்த கணக்காக இருந்தது. கூகுள் விளம்பரத்தில் அந்த ஏற்பாடு இல்லை. ஏஜென்சி தன் கூலியை வாடிக்கையாளரிடம்தான் வாங்கியாக வேண்டும். 40,000 ரூபாய் விளம்பரத்துக்குப் பழைய கணக்கில் 15% என்றால் 6,000 ரூபாய்தான் வரும். அந்தப் பணத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம்கூட யாரும் உட்கார்ந்து உங்கள் கணக்கைப் பார்க்க மாட்டார்கள். எனவே சிறிய பட்ஜெட்டுக்கு மாதாந்திரக் கட்டணம் நியாயமானதுதான். செலவில் இத்தனை சதவீதம் என்ற முறையில் வேறொரு சிக்கல் உண்டு. நீங்கள் அதிகம் செலவழித்தால்தான் அவர்களுக்கு வருமானம் கூடும். விளம்பரத்தைக் குறையுங்கள் என்று அவர்கள் வாயிலிருந்து வரவே வராது.

எல்லாவற்றிலும் மோசமானது 'எல்லாம் உட்பட' என்ற பேக்கேஜ். கூலியும் விளம்பரப் பணமும் ஒரே பில்லில் கலந்துவிட்டால், மூன்றாம் மாதம் 40,000-க்குப் பதில் 28,000 மட்டும் செலவானாலும் உங்களுக்குத் தெரியாது. மிச்சம் யாருடையது என்றும் எழுதியிருக்காது. பெரிய கம்பெனிகளே இதில் கோட்டைவிட்டிருக்கின்றன. 2016-ல் அமெரிக்காவின் தேசிய விளம்பரதாரர்கள் சங்கம் கே2 இன்டெலிஜென்ஸ் என்ற நிறுவனத்தை வைத்து விசாரித்தது. ஊடகங்கள் ஏஜென்சிகளுக்குத் திருப்பிக் கொடுத்த தள்ளுபடிப் பணம் விளம்பரதாரருக்குச் சொல்லப்படாமலே போன வழக்கம் அங்கே பரவலாக இருந்ததை அந்த அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. கூகுளின் விதியும் இதில் நம் பக்கம்தான் இருக்கிறது. தன் விளம்பரங்களை விற்கும் ஏஜென்சி தனிக் கட்டணம் வாங்கினால் அதை வாடிக்கையாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. செலவு, கிளிக், இம்ப்ரஷன் மூன்றையும் மாதம் ஒரு முறையாவது காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது.

நாங்கள் கேட்ட மாற்றம் எளிமையானது. விளம்பரப் பணத்தை நண்பர் தன் கார்டிலிருந்து நேராக கூகுளுக்கும் மெட்டாவுக்கும் கட்டுவார். ஏஜென்சி தன் கூலிக்கு மட்டும் பில் போடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கணக்கில் அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிந்துவிட்டால் கூகுளின் பில் அவர் பெயரிலேயே வரும். 18% வரியை உள்ளீட்டு வரியாக அவரே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து 150 லீட். கொடிசியா கண்காட்சி ஒன்றில் நண்பர் ஸ்டால் போட்டு 200 பேரின் போன் எண்ணை வாங்கி வைத்திருந்தார். அதில் ஆர்டரானது நான்கு. நூற்றுக்கு இரண்டு. ஆன்லைனில் படிவம் நிரப்புகிறவர் ஸ்டாலுக்கு நடந்து வருகிறவரைவிட ஆர்வம் குறைந்தவர்தான். இருந்தாலும் அதே விகிதத்தை வைத்துப் பார்த்தோம். 150 லீட்டில் மூன்று ஆர்டர். சராசரி கிச்சன் 2.5 லட்சம். பொருள், கூலி, பொருத்தும் செலவு போக அவருக்கு நிற்பது 50,000. மூன்று ஆர்டர் வந்தால் 1,50,000. அதில் 90,000 போக மிச்சம் 60,000. இரண்டு வந்தால் மிச்சம் 10,000. ஒன்று மட்டும் வந்தால் கையிலிருந்து 40,000 போகும்.

"அப்ப ரெண்டுதான் எல்லைக்கோடுங்களா?" என்றார். ஆமாம். 150 என்ற எண்ணை மறந்துவிட்டு அந்த இரண்டைப் பற்றித்தான் இனி ஏஜென்சியிடம் பேச வேண்டும். ஏனென்றால் லீட் எண்ணிக்கைக்கு யார் வேண்டுமானாலும் கேரண்டி கொடுக்கலாம். 'இலவச டிசைன்' என்று ஒரு ஃபேஸ்புக் படிவம் போட்டால் 150 பெயர் ஒரு வாரத்தில் வந்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவர், சும்மா படம் பார்க்க வந்தவர், தவறான எண் கொடுத்தவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். ஆகவே லீட் என்பதற்கு ஒப்பந்தத்திலேயே அர்த்தம் எழுதச் சொன்னோம்: கோவை, திருப்பூர் மாவட்டத்துக்குள் இருப்பவர், சொந்த வீடு, போனை எடுத்துப் பேசியவர், மூன்று மாதத்துக்குள் கிச்சன் செய்ய நினைப்பவர். இந்த நான்கும் எழுதப்பட்டவுடன் 150 என்ற எண் 35-ஆகச் சுருங்கியது. அந்த 35-ஐ நான் நம்பினேன்.

கணக்கு யார் பெயரில்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. பிரியும்போது அதிகம் வலிப்பதும் இதுதான்.

கூகுள் ஆட்ஸ் கணக்கு ஒவ்வொன்றுக்கும் பத்து இலக்க எண் ஒன்று உண்டு. அதை உங்கள் மின்னஞ்சலில் நீங்களே தொடங்கலாம். ஏஜென்சி தன் மேனேஜர் கணக்கிலிருந்து ஒரு கோரிக்கை அனுப்பும். நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவர்கள் உள்ளே வந்து வேலை செய்யலாம். வேண்டாம் என்று தோன்றும் நாளில் அந்த இணைப்பை நீங்களே துண்டிக்கலாம். சாவி எப்போதும் உங்களிடம்தான் இருக்கும்.

அந்தக் கணக்குக்குள் சேர்வதுதான் சொத்து. எந்தச் சொல்லைத் தேடியவர் வந்தார், எந்தச் சொல்லுக்குப் பணம் வீணானது, எந்தக் கிழமை எந்த நேரத்தில் அழைப்பு வந்தது என்று ஒரு வருட அனுபவம் அதில் இருக்கும். ஏலத்தொகையைத் தானாக நிர்ணயிக்கும் கூகுளின் முறையும் அந்தப் பழைய தகவலை வைத்துத்தான் வேலை செய்கிறது. கணக்கு ஏஜென்சியுடையது என்றால், பிரியும் நாளில் உங்கள் காசில் சேர்ந்த அறிவு அங்கேயே நின்றுவிடும். அந்த வரலாற்றை இன்னொரு கணக்குக்கு நகலெடுக்கவும் வழியில்லை. சில ஏஜென்சிகள் பல வாடிக்கையாளர்களின் விளம்பரங்களை ஒரே கணக்கில் போட்டு ஓட்டுகின்றன. ஒவ்வொரு விளம்பரதாரருக்கும் தனிக் கணக்கு வேண்டும், கேட்டால் அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. ஆகவே "என் கணக்கு எண் என்ன?" என்று கேட்டதும் எதிராளி தயங்கினால், அந்தத் தயக்கமே போதுமான பதில்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் இதே ஏற்பாடுதான். பிசினஸ் போர்ட்ஃபோலியோவை உங்கள் பெயரில் தொடங்கி, பக்கம், விளம்பரக் கணக்கு, பிக்சல் மூன்றையும் அதற்குள் வைத்து, ஏஜென்சியை 'பார்ட்னர்' என்று சேர்க்க வேண்டும். விளம்பரக் கணக்கு ஒருமுறை ஒரு போர்ட்ஃபோலியோவுக்குள் போய்விட்டால் அதை எடுத்து இன்னொன்றில் வைக்க முடியாது. முதல் நாள் செய்யும் தவறு கடைசி வரை நிற்கும்.

வெப்சைட் பெயர் இன்னும் முக்கியம். நான் ஏஜென்சியில் இருந்த காலத்தில் நடந்தது இது. ஒரு வாடிக்கையாளரின் டொமைன் எங்கள் முதலாளியின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர்கள் வேறு ஏஜென்சிக்குப் போனார்கள். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்களை யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் வெப்சைட்டும் இல்லை, அந்தப் பெயரில் ஓடிக்கொண்டிருந்த அலுவலக மின்னஞ்சலும் இல்லை. வேன்களில், பில் புத்தகத்தில், பெயர்ப்பலகையில் எல்லாம் அந்த முகவரியே எழுதியிருந்தது. திட்டமிட்ட துரோகம் எதுவும் அதில் கிடையாது. வெறும் கவனக்குறைவு. ஆனால் பெயர் அவர்களிடம் இருந்திருந்தால் எங்கள் கவனக்குறைவு அவர்களைத் தொட்டிருக்காது. கூகுள் மேப்ஸில் கடையைக் காட்டும் பக்கத்துக்கும் இது பொருந்தும். அதில் முதன்மை உரிமையாளர் நீங்கள். ஏஜென்சி மேனேஜராக இருந்தால் போதும்.

டிசைன்கள் விஷயத்தில் சட்டம் பாதி உதவும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும் வீடியோவும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கே சொந்தம் என்கிறது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். வெப்சைட்டின் எழுத்துக்கும் நிரலுக்கும் அப்படித் தானாக உரிமை வந்துவிடாது. எழுத்துபூர்வமாகக் கையெழுத்திட்டு மாற்றித் தர வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே 'நிரந்தரமாக' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னோம்.

வண்ணப் படமும் வந்த ஆர்டரும்

ப்ரப்போசலின் நடுவே வேறொரு வாடிக்கையாளரின் மாதாந்திர ரிப்போர்ட்டை மாதிரிக்கு வைத்திருந்தார்கள். ரீச் சில லட்சம், இம்ப்ரஷன் பல லட்சம், பச்சை அம்புக்குறிகள். கீழே 'கன்வர்ஷன் 212' என்று இருந்தது. "212 ஆர்டருங்களாண்ணா?" என்று நண்பர் வியந்தார்.

கன்வர்ஷன் என்றால் என்ன என்று அந்த இளைஞரிடம் கேட்டோம். படிவம் நிரப்பியது, போன் பட்டனை அழுத்தியது, வாட்ஸ்ஆப் பட்டனை அழுத்தியது, 'தொடர்புக்கு' பக்கத்தைத் திறந்தது என்று நான்கையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். ஒரே ஆள் பக்கத்தைத் திறந்து, போன் பட்டனை அழுத்தி, யாரும் எடுக்காததால் மறுபடி அழுத்தினால் மூன்று கன்வர்ஷன். தன் எண்ணில் எந்தப் பொய்யும் இல்லை என்று ஏஜென்சி சத்தியம் செய்யலாம். அந்த ஒரு ஆளிடம் இன்னும் யாரும் பேசவில்லை என்பதும் உண்மை. லீட் தேடும் தொழிலுக்கு, ஒரு விளம்பரக் கிளிக்கில் வந்தவர் ஒரே பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்று என்று எண்ணும்படி கூகுள் ஆட்ஸில் அமைத்துக்கொள்ளலாம். அழைப்பு இத்தனை நொடிக்கு மேல் நீண்டால்தான் கணக்கு என்றும் வைக்கலாம்.

ரிப்போர்ட்டை வண்ணப் படமாகக் கொடுப்பதைவிடக் கணக்கைப் பார்க்கும் உரிமையைக் கொடுப்பது மேல். கணக்கு நம் பெயரில் இருந்தால் அது தானாகவே கிடைத்துவிடும். உள்ளே இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும் என்று நண்பருக்குக் காட்டினேன்.

ஒன்று Search terms. மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து உங்கள் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்பது அங்கே வரும். 'மாடுலர் கிச்சன் விலை கோவை' என்றால் நல்லது. 'கிச்சன் கார்பெண்டர் வேலை' என்று தேடியவருக்கெல்லாம் காசு போயிருந்தால், வேலை தேடுகிறவருக்கு நீங்கள் விளம்பரம் காட்டியிருக்கிறீர்கள். உங்கள் பட்டறையின் பெயரையே தேடியவர்கள் அதிகம் இருந்தாலும் உஷாராக வேண்டும். எப்படியும் உங்களிடம் வர இருந்தவர்கள் அவர்கள். அந்த லீட்டுகளைத் தனியாகக் காட்டச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று Change history. கணக்கில் யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார் என்று அது வரிசையாகச் சொல்லும். மாதம் 50,000 கூலி வாங்கிக்கொண்டு ஆறு வாரமாக ஒருவரும் எதையும் தொடவில்லை என்றால் அங்கே வெறுமையாக இருக்கும். மாற்றங்கள் நிறைய இருந்தாலே நல்ல வேலை என்று அர்த்தமில்லை. ஒன்றுமே இல்லை என்றால் மட்டும் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு வருடம் எதற்கு?

"ஆறு மாசமாவது குடுத்தாத்தான் சார் ரிசல்ட் காட்ட முடியும்" என்றார் இளைஞர். இதில் பாதி நியாயம் உண்டு. ஆரம்பத்தில் கணக்கை அமைப்பது, படம் எடுப்பது, பக்கங்களை எழுதுவது எல்லாம் முதல் மாதத்திலேயே நடக்கும் செலவு. வாடிக்கையாளர் 30 நாளில் கிளம்பிவிட்டால் ஏஜென்சிக்கு நட்டம்தான். தேடலில் இயல்பாக மேலே வரச் செய்யும் எஸ்.இ.ஓ. வேலைக்கு நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. முதலிடத்துக்கு யாரும் கேரண்டி கொடுக்க முடியாது என்பதையும் அதே கூகுள்தான் சொல்கிறது. கட்டண விளம்பரம் அப்படியல்ல. அது ஓடத் தொடங்கிய ஆறு, எட்டு வாரத்தில் திசை தெரிந்துவிடும். இரண்டையும் ஒரே 12 மாதக் கயிற்றில் கட்டுவதுதான் பிழை.

ஆகவே ஆரம்பச் செலவைத் தனியாகப் பிரித்தோம். ப்ரப்போசலில் 'செட்டப் கட்டணம் 50,000' என்று ஏற்கெனவே இருந்தது. அந்தப் பணத்துக்கு என்னென்ன கிடைக்கும் என்று பட்டியல் போட்டு, பிரிந்தாலும் அவை நண்பருக்கே என்று எழுதினோம். அவர்களுடைய முதல்மாதப் பயம் அதோடு தீர்ந்தது. பிறகு முதல் மூன்று மாதம் இரு தரப்புக்கும் கட்டாயம். அதன்பின் எவரும் 30 நாள் நோட்டீஸில் விலகலாம். தானாக நீளும் வரி நீங்கியது. நோட்டீஸ் கொடுத்த ஏழு நாளுக்குள் எல்லாக் கடவுச்சொற்களையும் மூலக் கோப்புகளையும் ஒப்படைக்க வேண்டும், தராமல் இருக்கப் பாக்கிப் பணத்தைக் காரணம் காட்டக் கூடாது என்ற வரி சேர்ந்தது.

பின்தேதியிட்ட காசோலைக்கு மட்டும் நான் ஒரேயடியாக மறுத்தேன். பாதியில் விலகினால் மிச்ச மாதங்களின் முழுப் பணத்தையும் அப்படியே பிடுங்கிவிட முடியாது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. ஆனால் கையெழுத்திட்ட காசோலை அவர்கள் கையில் இருந்தால் நியாயம் பேசும் சுமை உங்கள் தலையில் வந்து விழும். காசோலை திரும்பினால் அது குற்ற வழக்காகவும் போகலாம். மாதாமாதம் பில் வரட்டும், மாதாமாதம் பணம் போகட்டும் என்றோம். இளைஞர் தன் முதலாளிக்குப் போன் செய்துவிட்டு வந்து சம்மதித்தார்.

அவர்கள் கேட்ட ஒரே கேள்வி

மொத்தத் தொகை அதே 90,000-தான். அதற்குள் விளம்பரத்துக்கு 52,000, கூலிக்கு 38,000 என்று முடிவானது. கூலியைக் குறைத்ததற்குப் பதிலாக, தினம் ஒரு இன்ஸ்டாகிராம் பதிவு என்ற வேலையை வாரம் இரண்டாகக் குறைத்துக்கொண்டோம். கிச்சன் வாங்குகிறவருக்கு அது பெரிய இழப்பில்லை. கணக்கைப் பார்க்கப் போகிறவர் யார், அவர் கையில் இன்னும் எத்தனை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்றும் கேட்டோம். "இதோட சேத்து பதினொண்ணு சார்" என்று மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது.

எல்லாம் முடிந்தபின் அந்த இளைஞர், "நாங்களும் ஒண்ணு கேக்கலாமா சார்? லீட் வந்தா உங்க பக்கம் யார் போன் பண்ணுவாங்க? எத்தனை நேரத்துல?" என்றார்.

நண்பர் என்னைப் பார்த்தார். பட்டறையில் மரம் அறுக்கும் சத்தத்தில் அவர் போன் எடுப்பதே மாலை ஆறு மணிக்கு மேல்தான். கொடிசியாவில் வாங்கிய 200 எண்களில் எழுபது பேரை அவர் கூப்பிடவே இல்லை என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டார். எந்த லீட் ஆர்டரானது, எது ஆகவில்லை, ஏன் என்று வாராவாரம் நாம் திருப்பிச் சொல்லாவிட்டால் ஏஜென்சியும் இருட்டில்தான் அம்பு விடும். அதையும் ஒப்பந்தத்தில் எழுதினோம்: வந்த லீட்டை அரை மணி நேரத்துக்குள் அழைப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு, சனிக்கிழமைதோறும் முடிவை எழுதி அனுப்புவதும் அவர் பொறுப்பு. அவருடைய மனைவி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

28 பக்கம் கடைசியில் நான்கு பக்கமானது. அதில் முதல் பத்தியே, பிரியும்போது யார் எதை எடுத்துச் செல்வார்கள் என்பதைத்தான் சொல்கிறது. உங்கள் மேஜையிலும் இப்படியொரு ஃபைல் இருந்தால், கையெழுத்துக்கு முன் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். அந்தப் பத்தி அதில் இல்லையென்றால், நீங்களே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.